முப்பத்தொன்றாவது கேள்வியின் தமிழ்

என் மகளின் சமூக அறிவியல் விடைத்தாளில் முப்பத்தொன்றாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு பூஜ்யம் இருந்தது. பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். துணைத் தலைப்பு போட்டு, அடிக்கோடிட்டு, ஜாலியன்வாலா பாக்கில் தொடங்கி சௌரி சௌராவில் முடித்திருந்தாள். ஓரத்தில் ஆங்கிலத்தில் 'ராங் ஆன்சர்' என்று ஒரு குறிப்பு. தமிழில் எழுதிய பிள்ளையின் தாளில் தவறு என்பதைக்கூட ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

அதையெல்லாம் நான் பிறகுதான் கவனித்தேன். அன்று சாயங்காலம் என் கண்ணில் பட்டது பூஜ்யமும், முதல் பக்கத்தில் இருந்த எண்பத்தெட்டும் மட்டும்தான்.

நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பதினெட்டு வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். வீடு அதியமான்கோட்டையில். கணவருக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவார். மகள் தர்மபுரியில் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. அந்தத் திருப்புதல் தேர்வில் ஐந்து பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவர்களை மாவட்ட அளவில் ஒரு சிறப்பு வகுப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற நான்கிலும் அவள் வாங்கிவிட்டாள். கணக்கில் போய்விடுமோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தோம். போனது வரலாற்றில்.

கேள்வித்தாளை நான் கேட்கவில்லை. அவள் கொண்டுவந்து நீட்டினாள், நான் வாங்கவில்லை. விடைக்குறிப்பு ஏற்கெனவே எங்கள் பள்ளிக்கு வந்திருந்தது. அதில் முப்பத்தொன்று சட்டமறுப்பு இயக்கம் என்பது எனக்குத் தெரியும். லாகூர் மாநாடு, முழு விடுதலைத் தீர்மானம், தண்டி யாத்திரை என்று இருக்க வேண்டிய இடத்தில் இவள் பத்து வருடம் முந்தைய ஒத்துழையாமை இயக்கத்தை எழுதியிருக்கிறாள். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு. வரலாறு டீச்சர் பொண்ணுன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லிறாத."

"ம்மா, கேள்விய ஒருக்கா பாருங்க."

"கேள்வியப் பாத்து என்ன பண்ண. பதிலப் பாத்துட்டேன்."

அவள் கேள்வித்தாளை நான்காக மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அழவில்லை. அழாததைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அந்தக் கேள்வித்தாள் தயாரான இடத்தில் நானும் இருந்தேன் என்பதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லாமல் இருந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால், ஆங்கிலத்தில் வரும் கேள்வித்தாளைத் தமிழாக்க என்னை அழைத்தார்கள். என் மகளே பத்தாம் வகுப்பு எழுதுகிறாள் என்று வினாத்தாள் பணியின் ஒருங்கிணைப்பாளரிடம் முதலிலேயே சொன்னேன். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அவர், கணக்குக்காரர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. எதையும் சிரித்தபடியே தள்ளிவிடுவார். "இது என்ன பப்ளிக் எக்ஸாமா மேடம். ரிவிஷன்தானுங்க. நீங்க வந்து தமிழ் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நான் போனேன். மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

தர்மபுரியில் ஒரு பள்ளியின் மேல்மாடியில் இரண்டு அறை. நடுவில் தாழ்வாரம். கைப்பேசிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்விகளை யார் எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் கையால் எழுதிய தாள் ஒட்டிய உறையில் வந்தது. ரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக ஒருங்கிணைப்பாளர் அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் கேள்விகள் எனக்கு. ஐந்து, எட்டு மதிப்பெண் கேள்விகள் எதிர் அறையில் இருந்த இன்னொரு ஆசிரியருக்கு. முழுத்தாளை ஒரே ஆள் பார்த்தால் வெளியே போய்விடுமாம். அரைத்தாள் பார்த்தவர் அரைத்தாளை வெளியே விட முடியாதா என்று யாரும் கேட்கவில்லை.

பாடப்புத்தகம் வேண்டும் என்றேன். இரண்டு புத்தகம் வந்தது. தமிழ் வழிப் புத்தகம் என் மேசைக்கு. ஆங்கில வழிப் புத்தகம் எதிர் அறைக்கு. மொழிபெயர்க்கிற இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது தமிழ்ப் புத்தகம். இருந்தது ஒன்று. தாழ்வாரத்தைத் தாண்டக்கூடாது.

எனக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஒரு சொல்லைப் பாடப்புத்தகம் எப்படித் தருகிறதோ அப்படியே கேள்வித்தாளிலும் தர வேண்டும். 'லீக் ஆஃப் நேஷன்ஸ்' என்பதற்கு என் காலத்தில் சர்வதேச சங்கம் என்று படித்தோம். இப்போதைய புத்தகத்தில் பன்னாட்டுச் சங்கம். நான் பழக்கத்தில் சர்வதேச சங்கம் என்று எழுதிவிட்டால் பிள்ளை முழிக்கும். பொருள் அதேதான் என்று நமக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தேர்வு அறையில் அது வேறு ஒரு சங்கம். அதைவிட முக்கியம், ஒரே தாளில் ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும். பதினோராம் கேள்வியில் ஒன்றும் முப்பத்தொன்றில் வேறொன்றும் போட்டால், பிள்ளைகள் அவை இரண்டும் வேறுவேறு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்படித்தானே நாம் அவர்களுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அதனால் முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து, பத்து வரலாற்றுப் பாடங்களிலும் இருந்து ஆங்கிலச் சொல் ஒரு பக்கம், புத்தகத்தின் தமிழ்ச்சொல் ஒரு பக்கம் என்று இரண்டு தாள் பட்டியல் எழுதி, நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தன்னாட்சி இயக்கம், ஒத்துழையாமை இயக்கம், சட்டமறுப்பு இயக்கம், இரட்டை ஆட்சி, வட்டமேசை மாநாடு எல்லாம் அதில் இருந்தன. நகலை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து எதிர் அறைக்கு அனுப்பச் சொன்னேன்.

"அவரும் வாத்தியாருதான மேடம். அவருக்குத் தெரியாததா" என்றார். வாங்கிக்கொண்டார். பதினொன்றரை மணிக்கு டீ வந்தபோது அந்த இரண்டு தாளும் பிளாஸ்க்குக்கு அடியில் இருந்ததைப் பார்த்தேன். மேசை கறையாகாமல் இருக்க.

எடுத்துக்கொண்டு போய் நானே எதிர் அறைக் கதவைத் தட்டியிருக்கலாம். பத்து அடி தூரம். நான் டீயைக் குடித்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

மதியத்துக்குப் பிறகு கணினியில் அடித்த படி வந்தது. எனக்கு என் பாதி மட்டும். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பாதியும் சேர்ந்த தாளைப் பார்த்தவர் கணக்குக்காரரான ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான். அவர் பார்த்தது மதிப்பெண் கூட்டல் நூறு வருகிறதா என்பதை. வந்தது.

அடுத்த மூன்று வாரமும் வீட்டில் நான் வரலாற்றைத் தொடவில்லை. மகள் ஒரு நாள் சமையலறை வாசலில் புத்தகத்தோடு நின்று, "ம்மா, ஒத்துழையாமை இம்பார்ட்டண்டா, சட்டமறுப்பு இம்பார்ட்டண்டா" என்று கேட்டாள். பதினோராம் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. "எல்லாமே இம்பார்ட்டண்ட்தான், போய் படி" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவ்வளவு ஒழுங்கு.

பூஜ்யம் வந்த மறுநாள் சனிக்கிழமை. பத்தாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும் பள்ளி உண்டு. ஏழே முக்காலுக்குக் கிளம்பினாள். போய் வருகிறேன் என்று சொன்னாளா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்பது நினைவிருக்கிறது.

பத்து மணிக்கு அவளுடைய வகுப்பாசிரியர் கூப்பிட்டார். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, வகுப்புக்கு வரவில்லையே என்றார். வந்திருப்பாளே என்றேன். அந்தப் பக்கம் கைப்பேசியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு பிள்ளைகளிடம் விசாரிக்கிற சத்தம். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். கூடப் படிக்கிற ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்திருக்கிறாள். ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினாளாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிற யாருக்கும் அந்த வாக்கியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆறு இருக்கிறது. எனக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. ராத்திரி நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பக் காதில் விழுந்தது.

ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று அவள் மேசைக்கு ஓடினேன். சமூக அறிவியல் புத்தகமும் விடைத்தாளும் இல்லை. கேள்வித்தாள் மட்டும் விரித்து, பேனா மூடியை மேலே வைத்துவிட்டுப் போயிருந்தாள். பதினோராம் கேள்வியைச் சுற்றி ஒரு வட்டம். அது என் கேள்வி: சட்டமறுப்பு இயக்கத்தின்போது தமிழ்நாட்டில் உப்புச் சத்தியாகிரகம் நடைபெற்ற இடம். முப்பத்தொன்றின் கீழே இரண்டு கோடு. ஆங்கிலத்தில் 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ் மூவ்மெண்ட்' பற்றி விவரி என்று இருந்தது. அதன் கீழே தமிழில்: ஒத்துழையாமை இயக்கம் பற்றி விவரி.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். "11இல் சட்டமறுப்பு என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். அதனால் 31 வேறு இயக்கம். நான் எழுதியது சரி."

நின்றபடியே அதைப் படித்தேன். கேட்டதைத்தான் எழுதியிருக்கிறாள். அவளுக்குச் சந்தேகம்கூட வந்திருக்கும். ஆங்கிலத்தில் வேறு ஏதோ இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பார்த்திருப்பாள். அப்போது பதினொன்றைத் திருப்பிப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். என் பாதியில் நான் சரியாகப் போட்ட சொல்தான் எதிர் அறையின் தப்பை அவளுக்கு நிச்சயப்படுத்தியது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பொறியைச் செய்திருக்கிறோம். அதில் விழுந்த பிள்ளையை நான் திட்டியிருக்கிறேன்.

ஸ்கூட்டியை எடுத்தேன். தர்மபுரி தாண்டியது நினைவில்லை. இண்டூர் நெருங்கும்போது கைப்பேசி அடித்தது. ஒருங்கிணைப்பாளரின் எண். எடுக்கிற நிலையில் இல்லை, ஆனாலும் ஓரத்தில் நிறுத்தினேன்.

"மேடம், எங்க ஸ்கூலுக்கு ஒரு பாப்பா வந்திருக்குது, அம்மா நம்பர் கேட்டா உங்க நம்பரச் சொல்லுதுங்க. ஆன்சர் பேப்பரக் கையில வெச்சிக்கிட்டு மார்க் வேணும்னு நிக்குது. கொஞ்சம் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

நான் அங்கேயே, ஒரு புளியமரத்தடியில், வண்டியை ஸ்டாண்டு போடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். தேங்காய் ஏற்றிக்கொண்டு போன டெம்போக்காரர் நிறுத்தி, "பெட்ரோல் இல்லீங்களாக்கா" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இப்போதும் அந்தச் சாலையில் போனால் அந்த மரத்தை நான் பார்ப்பதில்லை.

விடைத்தாள்களைப் பள்ளிக்குப் பள்ளி மாற்றித் திருத்தினார்கள். அவளுடைய தாளின் முதல் பக்கத்தில் திருத்திய பள்ளியின் முத்திரை இருந்தது. அதைப் பார்த்து, பஸ் விசாரித்து, ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறிப் பென்னாகரத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து போயிருக்கிறாள். அது ஒருங்கிணைப்பாளரின் பள்ளி என்பது அவளுக்குத் தெரியாது. அவர் யார் என்பதே தெரியாது.

நான் உள்ளே போனபோது தலைமை ஆசிரியர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு டம்ளர் டீ, ஆடை படிந்து, தொடாமல். மடியில் பாடப்புத்தகம், விடைத்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. திட்டுவேன் என்று நினைத்திருப்பாள். நான் போய் அவள் தலையைத் தொட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். "வக்கீலுக்குப் படிக்க வெச்சிருங்க மேடம். அரை மணி நேரமா என்ன விடவே மாட்டேங்குது."

"நான் கேட்டதுக்கு சார் பதில் சொல்லலீங்க" என்றாள் மகள்.

அவர் மேசையிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்துக் காட்டினார். "சொன்னேனே பாப்பா. முதல் பக்கத்துலயே கீழ போட்டிருக்குதுல்ல, பாரு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு இருந்தா ஆங்கில வடிவமே இறுதியானது. எல்லா எக்ஸாம்லயும் அப்பிடித்தான்."

அந்த வரியை நான் அப்போதுதான் கவனித்தேன். வேலைக்கான போட்டித் தேர்வுத் தாள்களில் பார்த்துவிட்டு அவராகவே சேர்க்கச் சொல்லியிருக்கிறார். என் பாதியின் படியில் அது இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திருப்புதல் தேர்வுக்கு அந்த வரி எதற்கு? நம்முடைய கவனக்குறைவுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்ட மன்னிப்பு அது. அதையும் பிள்ளைகளிடமிருந்தே வாங்கியிருக்கிறோம்.

"அப்ப தமிழ்ல எதுக்குங்க சார் அச்சடிக்கறீங்க?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நான் தமிழ் மீடியம். தமிழ்லதான் கேள்வியப் படிச்சேன். அதுல கேட்டத எழுதினேன். புக்குல பாருங்க, ரெண்டும் வேற வேற தலைப்பு."

புத்தகத்தைத் திறந்து காட்டினாள். அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மேடம், பிள்ளைக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களும் அந்த ரூம்ல இருந்தவங்கதான."

மகள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை அதில். ராத்திரி நடந்ததை எல்லாம் மனதுக்குள் முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"மொதல் பாதி நான். பதினொன்னு நான் போட்டது" என்றேன் அவளிடம். "முப்பத்தொன்னு எதிர் ரூம்ல."

"அப்ப ஏம்மா ரெண்டு பேரும் பேசிக்கல?"

ஒருங்கிணைப்பாளரிடம் அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "என்ன பட்டியலுங்க மேடம்" என்றார். பிளாஸ்க்குக்கு அடியில் வைத்தது என்றேன். அவருக்கு ஞாபகம் இல்லையாம். அங்கிருந்தே, அன்று எதிர் அறையில் மொழிபெயர்த்த ஆசிரியருக்குப் போன் செய்தேன். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும் அவருக்கு, ஆங்கில வழிப் பிரிவுக்கு நடத்துகிறவர். மறைக்கவில்லை அவர். "நான் சின்னதுல இருந்தே இங்கிலீஷ் மீடியம்ங்க மேடம். ரெண்டு மூவ்மெண்ட்டும் நல்லாத் தெரியும். தமிழ்ல எதுக்கு எதுன்னுதான் எனக்கு எப்பவும் கொழப்பம். தமிழ் புக் கேட்டேன், ஒண்ணுதான் இருக்கு, அது எதிர் ரூம்ல இருக்குன்னாங்க" என்றார். பட்டியல் எதுவும் தன்னிடம் வரவில்லை என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். ஒருங்கிணைப்பாளரின் சிரிப்பு அப்போதுதான் போனது.

"எழுதிக் குடுக்கறது உங்க இஷ்டம். ஆனா யோசிச்சுக்கங்க. உள்ள நடந்தத வெளிய பேசறீங்க. அதோட, சொந்தப் பொண்ணு மார்க்குக்காக எழுதறீங்கன்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்ங்க சார். அதுக்காகத்தான் எழுதறேன்."

எழுதினேன். முதல் இரண்டு பகுதிகளை மொழிபெயர்த்தது நான் என்றும், பதினொன்றிலும் முப்பத்தொன்றிலும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு வெவ்வேறு தமிழ்ச் சொற்கள் வந்துள்ளன என்றும், இரண்டாவது சொல் பாடப்புத்தகத்தில் வேறொரு இயக்கத்தின் பெயர் என்றும், ஆகவே தமிழ் வழியில் ஒத்துழையாமை இயக்கம் பற்றி எழுதிய எல்லா மாணவர்களின் விடைகளையும் திரும்பத் திருத்த வேண்டும் என்றும் எழுதினேன். என் மகளும் அவர்களில் ஒருத்தி என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நகலில் அவரிடம் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். பேனா கிடைக்காத மாதிரி ரொம்ப நேரம் தேடினார். மகள் தன் பேனாவை நீட்டினாள்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். என் தோளைப் பிடிக்காமல் இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இண்டூர் தாண்டியதும் சொன்னேன், ஒகேனக்கல் பஸ் என்று கேட்டதும் என்ன நினைத்தேன் என்பதை.

"நான் எதுக்கும்மா சாகணும். நான் எழுதினது சரிதான" என்றாள்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தின் நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூடவே எங்கள் பள்ளியில் நானே திருத்தி இன்னும் திருப்பி அனுப்பாத இன்னொரு பள்ளியின் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்றுக்கு நானும் பூஜ்யம் போட்டிருந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு, படிக்காத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு. விடைக்குறிப்பைப் பார்த்தேன், விடையைப் பார்த்தேன், கேள்வியைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் சௌரி சௌரா வரை எழுதிவிட்டு ஒரு பூஜ்யம், அதன் குறுக்கே ஒரு கோடு. என் கையெழுத்துத்தான். ஒரு தாளில் ஒரு பையன், விடைக்கு மேலே, 'ஒத்துழையாமை (1920)' என்று அடைப்புக்குறிக்குள் வருடம் வேறு போட்டிருந்தான். எதை எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும் என்று அவன் சொல்லியிருக்கிறான். நான் காதில் வாங்கவில்லை. எல்லாத் தாளையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். யார் மீது கோபப்படுவது என்று பட்டியல் போட்டால் என் பெயர் இரண்டு தடவை வந்தது.

பத்து நாள் கழித்து எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சமூக அறிவியல் வினா எண் முப்பத்தொன்றுக்கு, தமிழ் வழி மாணவர்கள் எழுதிய இரண்டு விடைகளில் எதுவாயினும் உரிய மதிப்பெண் வழங்கித் திருத்திய பட்டியல் அனுப்பவும். ஏன் என்று இல்லை. யார் தவறு என்று இல்லை. வருந்துகிறோம் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. யாரோ பிள்ளைகளுக்குக் கருணை காட்டுவதுபோல் இருந்தது அந்த வாக்கியம்.

மகளுக்கு ஐந்துக்கு நான்கு கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு. சிறப்பு வகுப்புப் பட்டியலில் அவள் பெயர் கடைசியில், கையால் எழுதிச் சேர்த்து வந்தது. இப்போது சனிக்கிழமைகளில் அங்கேதான் போகிறாள்.

அதே வாரத்தில் எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தன் மகள் அதே தேர்வை எழுதுவதை மறைத்து வினாத்தாள் பணியில் ஈடுபட்டது ஏன், ரகசியப் பணியின் விவரங்களை வெளிப்படுத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். மறைத்து என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன். ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, அன்றைக்கே உங்களிடம் சொன்னேனே சார் என்றேன். "சொன்னீங்களா மேடம்? எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்களே" என்றார். தேர்வுத்தாள் ஒன்றைக்கூட முழுதாகப் படிக்காத மனிதருக்கு மறதி மட்டும் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது. சொற்பட்டியல் பற்றிக் குறிப்பாணையில் ஒரு வரியும் இல்லை. அடுத்த தேர்வுக்குத் தமிழ்ப் புத்தகம் இரண்டு வாங்கி வைப்பார்களா, இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு வரலாற்று ஆசிரியரிடம் காட்டுவார்களா என்று நகலோடு சேர்த்து நான் எழுதிக் கேட்டதற்கும் பதில் இல்லை.

விளக்கத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நடந்ததை நடந்தபடி மூன்று பக்கம். என்னிடம் இருந்த மூலப் பட்டியலை நகல் எடுத்து இணைத்தேன். கணவர் படித்துவிட்டு, கொஞ்சம் சூட்டைக் குறைத்துக்கொள் என்றார். குறைக்கவில்லை.

மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் அவ்வளவு நெருங்கி வந்தது அதுதான் முதல் தடவை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று பக்கத்தையும் முதலிலிருந்து மெதுவாகப் படித்தாள். பென்சிலை எடுத்தாள்.

"மொதல் பக்கத்துல 'பகுதி ஒன்று, இரண்டு'ன்னு போட்டிருக்கீங்க. இங்க 'முதல் பாகம்'ங்கறீங்க. கடைசில 'முற்பாதி'. படிக்கறவங்களுக்கு மூணும் வேற வேறன்னு தோணும். ஒண்ணு வைங்கம்மா."

எது வைக்கலாம் என்று கேட்டேன்.

"கேள்வித்தாள்ல எப்பிடி இருக்கோ அப்பிடியே. பகுதி."

மூன்று பக்கத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, புதுத்தாளில் முதல் வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தேன்.